ஃபீஸ் வாங்காத ஆலோசகருக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மாதம் 5,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடலாம் என்று முடிவு செய்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விண்ணப்பப் படிவத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். பங்குச் சந்தை ஃபண்ட் ஒன்றின் படிவம். மேலே ஒரு சின்னக் கட்டத்தில் ‘ARN-’ என்று தொடங்கும் எண் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது.

“இது யார் நம்பர்?” என்று கேட்டேன்.

“எங்க தெரு அங்கிளோடது மாமா. அப்பாவுக்கு எல்.ஐ.சி. போட்டுக் குடுத்தாரே, அவர்தான். ரொம்ப நல்லவர். இதுக்கெல்லாம் ஃபீஸே வாங்க மாட்டார்.”

அவர் நல்லவர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குக் காசு வராமல் இல்லை. அந்தச் சின்னக் கட்டம்தான் அதற்கு வழி. அந்த எண் இருந்தால் பணம் ‘ரெகுலர் பிளான்’ என்ற வாசல் வழியாகப் போகும். கட்டம் காலியாக இருந்தால் ‘டைரக்ட் பிளான்’ வழியாகப் போகும். 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனமும் இந்த இரண்டு வாசலையும் வைத்திருக்க வேண்டும் என்பது செபியின் விதி. உள்ளே போனபின் இரண்டுக்கும் ஒரே ஃபண்ட் மேனேஜர், ஒரே பங்குகள். ரெகுலரில் மட்டும் விநியோகஸ்தருக்கான கமிஷன் செலவுக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. நம்மிடம் யாரும் அதைத் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை. ஃபண்டின் சொத்திலிருந்து நாள்தோறும் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் அன்றைய என்.ஏ.வி.யையே அறிவிக்கிறார்கள். அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஃபண்டின் இரண்டு பிளான்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டைரக்டின் என்.ஏ.வி. அதிகமாக இருக்கும். “அது விலை அதிகம், இது மலிவு” என்று ரெகுலரைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விலை அதிகம் என்பதல்ல காரணம். இத்தனை வருடமாகக் குறைவாகக் கழிக்கப்பட்டதால் அது கூடுதலாக வளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு கழிகிறது? பங்குச் சந்தை ஃபண்டுகளில் இரண்டு பிளான்களின் செலவு விகிதத்துக்கும் உள்ள இடைவெளி ஃபண்டுக்கு ஃபண்ட் மாறும். கணக்குக்கு வசதியாக ஆண்டுக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். டைரக்டில் 11 சதவீதம் கிடைத்தால் ரெகுலரில் 10 சதவீதம். மாதம் 5,000 ரூபாய் வீதம் 15 வருடம் போட்டால் கையிலிருந்து போவது 9 லட்சம். ரெகுலரில் அது சுமார் 20.9 லட்சமாகியிருக்கும், டைரக்டில் சுமார் 22.9 லட்சம். வித்தியாசம் 2 லட்சம் ரூபாய். இணையத்தில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, “டைரக்டுக்கு மாறுங்கள்” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் தெரிகிறது.

அந்த 2 லட்சம் எந்தெந்த வருடத்தில் போகிறது என்று பாருங்கள். முதல் வருடம் அவள் கணக்கில் சராசரியாக இருக்கப்போவது 32,000 ரூபாய் சொச்சம். அதில் 1 சதவீதம் என்றால் வருடத்துக்கு 300 ரூபாய் சொச்சம். அந்த 300 ரூபாய்க்கு அங்கிள் வீட்டுக்கு வந்து, கே.ஒய்.சி. முடித்து, வங்கியில் ஆட்டோ டெபிட் போட்டு, நாமினி பெயர் எழுதி, எஸ்.ஐ.பி. என்றால் என்ன என்று மூன்று முறை விளக்கியும் விட்டார். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்கிறவரிடம் போனால் முதல் சந்திப்புக்கே சில ஆயிரங்கள் ஆகும். மாதம் 5,000 போடுகிற பெண்ணுக்கு அது கட்டுப்படியாகாது. ஆக, தொடக்கத்தில் ரெகுலர் பிளான்தான் அவளுக்கு மலிவான ஆலோசனை.

பத்தாவது வருடம் கதை மாறிவிடும். அப்போது கணக்கில் சுமார் 10.3 லட்சம் இருக்கும். அதே 1 சதவீதம் இப்போது வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல். பதினைந்தாவது வருடம் 20,000. அங்கிளின் வேலை அந்த அளவுக்குக் கூடியிருக்காது, பார்க்கப்போனால் குறைந்திருக்கும். வேலை அதிகமாக இருக்கும் காலத்தில் கூலி குறைவு, வேலை குறைந்த காலத்தில் கூலி அதிகம் என்பதுதான் சதவீதக் கமிஷனின் குணம். அதனால் ரெகுலரா டைரக்டா என்ற கேள்விக்கு ஒரே முறை விடை சொல்லி முடித்துவிட முடியாது. கணக்கு வளர வளரத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

கமிஷனுக்கு ஈடாக ஆலோசகர் என்ன செய்ய வேண்டும்? நான் 2020-ஐ நினைத்துக்கொள்வேன். அந்த ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. 6 லட்சம் வைத்திருந்தவருக்கு அது 3.7 லட்சமாகத் தெரிந்திருக்கும். அன்று பயந்து விற்றவர் 2.3 லட்சத்தை இழந்தார். மேலே பார்த்த பதினைந்து வருடக் கமிஷனைவிட அது அதிகம். நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த மார்ச்சில் போன் போட்டு, “விற்காதே, எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதே” என்று சொன்ன ஒருவர் தன் கமிஷனை நியாயமாகவே சம்பாதித்தார். அந்த நேரத்தில் போனையே எடுக்காதவருக்கும் அதே கமிஷன்தான் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆலோசகர் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏ.ஆர்.என். எண் வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் விநியோகஸ்தர். கமிஷன் அவருக்கு முறையான வருமானம். செபியிடம் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர் வேறு. அவருடைய பதிவு எண் ‘INA’ என்று தொடங்கும். அவர் நம்மிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு டைரக்ட் பிளானைத்தான் காட்ட வேண்டும். ஒரே வாடிக்கையாளரிடம் கட்டணமும் வாங்கி, ஃபண்டிடம் கமிஷனும் வாங்கக் கூடாது. எனவே ஒருவர் “என் ஃபீஸ் தனி” என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு கையில் கொடுக்கும் ஸ்டேட்மென்டில் ஃபண்டின் பெயரோடு ‘ரெகுலர்’ என்று இருந்தால், அங்கேயே கேள்வி கேட்க வேண்டும். செல்போன் செயலியில் நாமே போட்டாலும் அது டைரக்டாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது; சில செயலிகள் விநியோகஸ்தர்களாகவும் இயங்குகின்றன. ஃபண்டின் முழுப் பெயரைப் படித்தால் போதும், அதிலேயே எழுதியிருக்கும்.

கமிஷன் கண்ணில் படுவதில்லை என்றேன் அல்லவா? ஒரே ஒரு இடத்தில் படும். மார்ச், செப்டம்பர் முடிந்ததும் எல்லா முதலீடுகளையும் ஒன்றாகக் காட்டும் அரையாண்டு ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலுக்கு வரும். அதில் ஒவ்வொரு ஃபண்டுக்கும் அந்த ஆறு மாதத்தில் விநியோகஸ்தருக்குப் போன கமிஷன், சதவீதமாக அல்லாமல் ரூபாயாகவே அச்சாகியிருக்கும். பலர் அந்தப் பி.டி.எஃப்.ஐத் திறப்பதே இல்லை. படிவத்தில் விநியோகஸ்தர் தன்னுடைய மின்னஞ்சலையே எழுதிவிட்டால் அது நம் கைக்கு வரவும் வராது. அக்கா மகளின் படிவத்தில் நான் திருத்தச் சொன்ன ஒரே இடம் அதுதான். மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் அவளுடையதாக இருக்க வேண்டும்.

அங்கிளிடம் கேட்க ஒரு கேள்வியும் சொல்லிக் கொடுத்தேன். வருடத்துக்கு ஒருமுறை என்னோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பீர்களா? பார்க்கிறேன் என்று சொல்லி அதன்படி செய்தால் தொடரலாம். அதற்கு மாறாக, ஒரு ஃபண்டை விற்று இன்னொன்றில் போடு என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்லத் தொடங்கினால் அது நல்ல அடையாளம் இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் வரியும் வெளியேறும் கட்டணமும் அவள் தலையில் விழும். ஆளைப் பிடிக்காமல் போனால், ரெகுலரிலேயே இருந்துகொண்டு ஃபண்ட் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து வேறு விநியோகஸ்தருக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

டைரக்டுக்கு மாறும் காலம் வந்தால்? கமிஷன் வருடத்துக்கு ஐந்தாறாயிரத்தைத் தாண்டும்போது யோசிக்கத் தொடங்கு என்று அவளிடம் சொன்னேன். அது என் சொந்த அளவுகோல். அந்தத் தொகைக்குக் கட்டணம் வாங்கும் ஆலோசகர் ஒருவரை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடலாம். புதிய எஸ்.ஐ.பி.யை டைரக்டில் தொடங்குவது சுலபம். பழைய யூனிட்டுகளை மாற்றுவதில்தான் கவனம் வேண்டும். ஒரே ஃபண்டுக்குள் ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு ‘ஸ்விட்ச்’ செய்தாலும் வருமான வரிச் சட்டத்துக்கு அது விற்பனைதான்.

பத்து வருடத்தில் 6 லட்சம் போட்டு 10.3 லட்சமானால் லாபம் 4.3 லட்சம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குச் சந்தை ஃபண்டுகளுக்கு, இப்போதைய விதிப்படி ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை; மேலே உள்ளதற்கு 12.5 சதவீதம். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் செஸ் சேர்த்து ஏறக்குறைய 39,700 ரூபாய் வரி. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் அதைத் தவிர்க்கலாம். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு, பழைய யூனிட்டில் லாபம் அதிகம். ஆகவே சுமார் 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள யூனிட்டுகளை மாற்றினாலே அந்த வருடத்தின் 1.25 லட்சம் தீர்ந்துவிடும். மார்ச் கடைசியில் ஒரு 2 லட்சம், ஏப்ரல் தொடக்கத்தில் அடுத்த நிதியாண்டுக்கு இன்னொரு 2 லட்சம். மீதியிலும் லாபம் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் முழுதும் மாறி முடிக்க ஐந்தாறு வருடம் ஆகலாம். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் வரியைக் கட்டிவிட்டு ஒரேயடியாக மாறலாம். மிச்சமாகும் கமிஷனில் நான்கு வருடத்துக்குள் அது திரும்பிவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் அந்தப் படிவத்தில்தான் கையெழுத்துப் போட்டாள், அங்கிளின் எண்ணோடு. மின்னஞ்சல் மட்டும் மாறியிருந்தது. அக்டோபரில் முதல் ஸ்டேட்மென்ட் வரும்போது கமிஷன் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன் மாமா என்றிருக்கிறாள்.