உங்க பாட் சும்மா இருக்கும்போது பணம் என்ன செய்யுது?

டிரேடிங் பாட் எழுதுறவங்க எப்போ வாங்கணும், எப்போ விக்கணும்னுதான் நிறைய யோசிப்பாங்க. வித்த பிறகு அடுத்த ஆர்டர் வரைக்கும் பணம் எங்க இருக்கணும்னு கோட்ல ஒரு வரிகூட இருக்காது. அந்த வரியை நீங்க எழுதலன்னா, உங்களுக்காக புரோக்கர் முடிவு பண்ணிடுவாங்க.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. ஆலோசனைக் கட்டணமே இல்லைன்னு விளம்பரம் செய்த ஷ்வாப் நிறுவனத்தின் ரோபோ அட்வைசர், வாடிக்கையாளர் பணத்தில் 6 முதல் 29.4 சதவீதம் வரை ரொக்கமாகவே வைத்திருந்தது. அந்த ரொக்கம் ஷ்வாபின் சொந்த வங்கிக்குப் போனது. வங்கி அதைக் கடன் கொடுத்துச் சம்பாதித்த வட்டிக்கும், வாடிக்கையாளருக்குக் கொடுத்த வட்டிக்கும் உள்ள வித்தியாசம் நிறுவனத்துக்கு லாபம். இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடர்ந்த வழக்கு, 2022 ஜூனில் 18.7 கோடி டாலருக்கு முடிந்தது. ஷ்வாப் குற்றச்சாட்டை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

சரி, சும்மா கிடக்கிற பணத்தை எல்லாம் எடுத்து SGOV மாதிரி குறுகிய கால அமெரிக்க அரசுப் பத்திர ஈடிஎஃப்ல போட்டா முடிஞ்சுதான்னு கேக்கலாம். முடியல. அங்கதான் செட்டில்மென்ட் குறுக்கே வருது.

வித்த பணம் இன்னும் உங்க பணம் இல்ல

2024 மே 28 முதல் அமெரிக்காவில் பங்கும் ஈடிஎஃபும் டி+1 முறையில் செட்டில் ஆகுது. செவ்வாய்க்கிழமை வித்தா, பணம் புதன்கிழமைதான் முறைப்படி உங்க கைக்கு வரும். ஆனா பெரும்பாலான புரோக்கர்கள் செவ்வாயே அந்தப் பணத்தில் வேற பங்கு வாங்க விடுவாங்க. மார்ஜின் இல்லாத கேஷ் அக்கவுண்ட்ல இது ஒரு பொறி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20,000 டாலர் முழுக்க SGOV-ல இருக்கு. செவ்வாய் காலை 10 மணிக்கு பாட்டுக்கு சிக்னல் வருது. 8,000 டாலருக்கு SGOV-ஐ வித்து, உடனே ஒரு பங்கை வாங்குது. மதியம் 2 மணிக்கு வெளியேறச் சொல்லி அடுத்த சிக்னல். பாட் அந்தப் பங்கை வித்துடுது.

லாபமா நஷ்டமாங்கிறது வேற விஷயம். இது குட் ஃபெய்த் வயலேஷன். அந்தப் பங்கை வாங்கப் பயன்பட்ட பணம் புதன்கிழமைதான் செட்டில் ஆகும்; அதுக்குள்ள பங்கே கைமாறிடுச்சு. பாட் புதன் வரைக்கும் வச்சிருந்து வித்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. பல புரோக்கர்களிடம் 12 மாசத்துல 3 முறை இப்படி நடந்தா, அடுத்த 90 நாள் செட்டில் ஆன பணத்தில் மட்டும்தான் வாங்க முடியும். மனுஷன் மாசத்துக்கு இரண்டு முறை டிரேட் பண்ணா இது வராமலே போகலாம். பாட் ஒரே வாரத்துல மூணையும் முடிச்சுடும்.

அதாவது, பணத்தை ஈடிஎஃப்ல நிறுத்தி வச்சா வட்டி வரும். ஆனா அதை வெளிய எடுக்க ஒரு நாள் கூடுதலா ஆகும். அந்த ஒரு நாளைக் கோட் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

பணத்தை மூணாப் பிரிக்கலாம்

என் கோட்ல இதுக்கு மூணு பெட்டி. முதலாவது, செட்டில் ஆகாத பணம். அதை பாட் தொடவே கூடாது. இரண்டாவது, கையிருப்பு: ஒரே நாள்ல பாட் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாமோ, அவ்வளவு. ஒரு நாளைக்கு 4,000 டாலர் வீதம் இரண்டு முறை வாங்கும்னா, 8,000 எப்பவும் செட்டில் ஆன ரொக்கமா இருக்கணும். மிச்சம் 12,000 மூணாவது பெட்டி. அதுதான் உண்மையிலேயே சும்மா இருக்கிற பணம்.

```python
free = settled_cash - open_buy_orders - reserve
if free > 0 and expected_idle_days > breakeven_days:
    buy("SGOV", free)
```

பாட் இன்னைக்கு 4,000-க்கு வாங்கிட்டு, சந்தை மூடுற நேரத்துலயும் அந்தப் பங்கை வச்சிருந்தா, அப்பவே 4,000-க்கு SGOV-ஐ வித்துடணும். நாளைக்குக் கையிருப்பு மறுபடி நிரம்பிடும். அன்னைக்கே பங்கை வித்திருந்தா இது தேவையில்ல. அந்தப் பணமே நாளைக்கு செட்டில் ஆகிடும்.

`settled_cash`-ஐ நீங்களே நாள் எண்ணிக் கணக்குப் போடாதீங்க. கொலம்பஸ் தினம், வெட்டரன்ஸ் தினம் வார நாளில் வந்தா, பங்குச் சந்தை திறந்திருக்கும், வங்கிகள் மூடியிருக்கும். அது டிரேடிங் நாள், செட்டில்மென்ட் நாள் இல்ல. "அடுத்த டிரேடிங் நாள்"னு எழுதின கோட் அன்னைக்குத் தப்பாப் போகும். புரோக்கர் ஏபிஐ தர்ற எண்ணையே படிங்க. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ்ல அது `SettledCash`. பக்கத்துலயே இருக்கிற `TotalCashValue` வித்த உடனே ஏறிடும், அதை நம்பக் கூடாது.

எத்தனை நாள் இருந்தா லாபம்?

ஈடிஎஃப் 4 சதவீதம் தருதுன்னு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். 12,000 டாலருக்கு ஒரு நாள் வட்டி சுமார் 1.32 டாலர். SGOV ஒரு பங்கு ஏறக்குறைய 100 டாலர். அப்போ 120 பங்கு. வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இடையில 1 சென்ட் இருந்தா, உள்ளே போய் வெளியே வர 1.20 டாலர் செலவு.

உங்க புரோக்கர் ரொக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுமே தரலன்னா, ஒரே நாள்ல செலவு திரும்பிடும். ஆனா ரொக்கத்துக்கே 3.5 சதவீதம் தர்றாங்கன்னா, கூடுதலாக் கிடைக்கிறது அரை சதவீதம்தான், ஒரு நாளைக்கு 16 சென்ட். செலவு திரும்ப ஏழு நாளுக்கு மேல ஆகும். ஒவ்வொரு ஆர்டருக்கும் 1 டாலர் கமிஷன் இருந்தா, அது சுமார் 20 நாள். தினமும் டிரேட் பண்ற பாட்டுக்கு அந்த இடத்துல ரொக்கமா விடுறதே நல்லது. முதல்ல பாக்க வேண்டியது, ஈடிஎஃப் எவ்வளவு தருதுங்கிறதை இல்ல. உங்க புரோக்கர் ஸ்வீப் எவ்வளவு தருது, எந்தத் தொகைக்கு மேல தருதுன்னு பாருங்க.

மாசத்தின் முதல் நாள்

SGOV மாசாமாசம் டிவிடெண்ட் தரும். பொதுவா மாசத்தின் முதல் டிரேடிங் நாள்ல, அந்தத் தொகை அளவுக்கு விலை இறங்கும். 4 சதவீதத்தில் அது பங்குக்கு சுமார் 33 சென்ட். 120 பங்குக்கு 40 டாலர். பணம் கணக்குக்கு வர இன்னும் சில நாள் ஆகும். எல்லா பொசிஷனுக்கும் ஒரே ஸ்டாப் லாஸ் விதி வச்சிருக்கிற பாட் இதை நஷ்டம்னு நினைச்சு வித்துடலாம். அதனால நிறுத்தி வைக்கிற ஈடிஎஃபை ஸ்டாப் லாஸ் பட்டியலிலிருந்து எடுத்துடுங்க.

உங்க பாட் இப்போ எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை போதும். போன மாச டிரேட் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு கேள்வி கேளுங்க: இதை வாங்கின பணம், விக்கிறதுக்கு முன்னாடி செட்டில் ஆகியிருந்ததா? ஒரே ஒரு "இல்ல" வந்தாலும், வட்டியை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல கையிருப்பைச் சரி பண்ணுங்க.