செற்றி வாங்கச் செல்லுமுன்



எங்கள் வன்னி வீடுகளில் ஒரு காலத்தில் விருந்தினர் அமர்ந்தவை முதிரையிலும் பாலையிலும் ஊர்த் தச்சர் செய்த கதிரைகளே. பாலை மரம் நீரில் இட்டால் மிதவாது, தாழ்ந்துவிடும், அத்துணைப் பாரம். அக்கதிரையில் மறைவான பகுதி என்று எதுவுமில்லை. மரமும் பொருத்தும் கண்முன்னே தெரிந்தன. போரின் இடப்பெயர்வுகளில் அவை போயின. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிப் புதிதாக வீடு கட்டியபோது, விறாந்தையில் வந்து அமர்ந்தது மெத்தை தைத்த செற்றி. இதிலோ, வாங்குபவர் காண்பது துணியை மட்டுமே. காசு கொடுப்பது துணிக்குள் இருக்கும் மரத்துக்கும் ஸ்பொஞ்சுக்கும். காணாத பொருளை எவ்வாறு தெரிந்து வாங்குவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

இதனை நான் நூல்களிலிருந்து மாத்திரம் கற்றேனல்லேன். மூன்று பேர் அமரும் நீள்செற்றி ஒன்றும் தனிக்கதிரை இரண்டுமாக ஒரு தொகுதியைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வாங்கினேன். கடையில் அமர்ந்து பார்த்தபோது மிக மெத்தென்றிருந்தது. எட்டாம் மாதத்தில் என் தாயார் அதிலிருந்து எழ இயலாது தவித்தார். முழங்கால் நோவுள்ள முதியவர் அவர். நிலத்திலிருந்து 44 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்த இருக்கை, அவர் அமர்ந்ததும் 33க்குத் தாழ்ந்தது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்துவிட்டால், கைகொடுப்பார் ஒருவர் இன்றி எழுவது வயதானவர்க்கு அரிது. கடைக்காரரிடம் சென்றேன். அவர் உத்தரவாத அட்டையை என் கையிலிருந்து வாங்கி, நான் வாசியாது விட்ட வரிகளை எனக்கே வாசித்துக் காட்டினார். அவ்வரிகளுக்குப் பின்னர் வருகின்றேன். முதலில் தாழ்ந்துபோன அந்த ஸ்பொஞ்சைக் கவனிப்போம்.

ஸ்பொஞ்சின் தரத்தை அதன் அடர்த்தியைக்கொண்டு அளப்பர். ஒரு கன மீற்றர் ஸ்பொஞ்சு எத்தனை கிலோகிராம் நிறுக்கின்றதோ, அந்த எண்ணே அடர்த்தி. மென்மையும் அடர்த்தியும் வெவ்வேறு குணங்கள் என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். கையால் அழுத்தும்போது தெரிவது மென்மை அல்லது வன்மை. அது முதல் நாளைக்குரிய குணம். ஸ்பொஞ்சு எத்தனை ஆண்டு தன் உருவத்துக்கு மீளும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அடர்த்தி. காற்று மிகுந்து பொருள் குறைந்த ஸ்பொஞ்சையும் வன்மையாகச் செய்யலாம். கடையில் அது திடமாகவே தோன்றும். ஆனால் நாள்தோறும் உடற்பாரம் ஏறி இறங்க, அதன் நுண்ணறைகளின் சுவர்கள் நொய்ந்து ஒடிந்து படிந்துவிடும். எங்கள் வெயிலும் தகரக் கூரையின் வெக்கையும் அதனை மேலும் விரைவுபடுத்தும்.

இந்த எண்ணை வீட்டிலேயே கண்டறியலாம் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர். கலைப் பட்டதாரியாகிய நான் அதுவரை இதனை எண்ணிப் பார்த்ததில்லை. உறையின் சிப்பைத் திறந்து ஸ்பொஞ்சை வெளியே எடுத்தோம். நீளம் 60, அகலம் 55, தடிப்பு 10 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கினால் 33,000 கன சென்ரிமீற்றர். அதாவது 33 லீற்றர். பின்னர் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம். 600 கிராம். கிராமை லீற்றரால் வகுத்தால் வருவதே அடர்த்தி எண். 600ஐ 33ஆல் வகுக்க ஏறத்தாழ 18. முதுகு சாயும் பகுதிக்கு 18 அல்லது 20 போதும். அங்கே பாரம் குறைவு. நாளாந்தம் அமரும் இருக்கைக்கு 30க்குக் குறையாமல் கேட்க வேண்டும். 32, 35 எனின் நன்று. 32 அடர்த்தியாயின் எங்கள் ஸ்பொஞ்சு 1 கிலோவுக்குச் சற்று மேல் நிறுத்திருக்க வேண்டும். நாங்கள் வாங்கியது, முதுகுக்குரிய பொருளை இருக்கையில் இட்ட செற்றி.

இக்கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. நிறை கூட்டுவதற்காகச் சுண்ணத்தூள் கலந்த ஸ்பொஞ்சும் உண்டு. அது நிறுவையில் தேறிவிடும். ஆனால் விரைவில் உதிரும். ஓரத்தை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மாப்போன்ற தூள் விரலில் ஒட்டினால் ஐயுறுக. துண்டு ஸ்பொஞ்சுகளை ஒட்டி அழுத்திய பல நிறக் கட்டிகளும் பாரமானவையே. அவற்றுக்கு இந்த எண் பொருந்தாது. கடையில் ஒரு சிப்பைத் திறக்க விடாத வியாபாரியிடம் வாதிட வேண்டியதில்லை. அடுத்த கடைக்குச் செல்வதே நலம்.

மரத்துக்கு வருவோம். கைப்பிடியும் காலும் தேக்காகவோ மகோகனியாகவோ இருக்க, துணிக்குள் இருக்கும் சட்டம் அல்பீசியாவாகவோ றப்பர் மரமாகவோ இருத்தல் சாதாரணம். அதில் வஞ்சனை ஒன்றுமில்லை, விலையும் அதற்கேற்றதாயின். றப்பர் மரம் பதம் செய்து காயவைத்திருந்தால் நன்றாகவே உழைக்கும். மருந்தூட்டாதது உளுத்துவிடும். செற்றியின் கீழே வெண்மா போன்ற தூள் கொட்டியிருப்பதும், மரத்தில் ஊசித்துளைகள் காண்பதும் அதன் அடையாளம். அல்பீசியா மெதுவான மரம். ஆணி அதில் நெடுநாள் பிடித்து நில்லாது. மற்றொன்று ஈரம். நன்றாகக் காயாத மரத்தில், மொறட்டுவை போன்ற ஈரலிப்பான கரையோரத்தில் செய்த சட்டம், எங்கள் ஆடி ஆவணிக் கச்சான் காற்றில் சுருங்கும், பொருத்துக்கள் தளரும். நாக்கும் துளையுமாகச் செதுக்கிப் பசையிட்ட பொருத்து இதனைத் தாங்கும். கம்பி ஆணியால் அடித்துச் சேர்த்த மூலை தாங்காது. ஓராண்டில் கிறீச்சிடத் தொடங்கும்.

சட்டத்தைச் சோதிக்க இரண்டே காரியங்கள் போதும். நீள்செற்றியின் முன்கால் ஒன்றைப் பிடித்து ஒரு சாண் உயர்த்துங்கள். மற்ற முன்காலும் உடன் எழும்ப வேண்டும். அது நிலத்திலேயே நிற்குமாயின் சட்டம் முறுகுகின்றது, மூலைகள் உறுதியில்லை. அடுத்து, செற்றியைக் கவிழ்க்கச் சொல்லி, அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணியின் ஒரு மூலையைக் கழற்றிப் பாருங்கள். உள்மரம், மூலைக்கட்டை, இருக்கையைத் தாங்கும் நாடா அல்லது கம்பி யாவும் அங்கே தெரியும். என் தாயாரின் இருக்கை தாழ்ந்ததற்கு ஸ்பொஞ்சோடு நாடாவும் காரணம். நான்கு விரற்கடைக்கு ஒன்றாக இழுத்துக் கட்டவேண்டிய இறப்பர் நாடாவை ஒரு சாணுக்கு ஒன்றாகக் கட்டியிருந்தார்கள்.

துணியைப்பற்றி நீளப் பேசத் தேவையில்லை. தோல்போலத் தோன்றும் செயற்கைச் சீலையில், துணியின்மேல் மெல்லிய பூச்சொன்று ஒட்டியிருக்கும். வெப்பமும் ஈரமும் வியர்வையும் தலையெண்ணெயும் சேர, மலிவான பூச்சு சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும்; உரியத் தொடங்கினால் திருத்த வழியில்லை. செம்மண் தூசி படியும் வீட்டுக்குக் கழற்றித் துவைக்கக்கூடிய நெசவுத்துணி உறையே ஏற்றது. சிப்பு இருந்தால் உள்ளேயிருப்பதை நிறுக்கவும் முடியும் என்பது மேலதிகப் பயன்.

இனி அந்த உத்தரவாத அட்டை. அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்றிருந்தது. கீழே சிறிய எழுத்தில், சட்டகத்துக்கு மட்டும் என்றிருந்தது. அதன் கீழே, உற்பத்திக் குறைபாடுகளுக்கு மாத்திரம்; சாதாரண தேய்மானமும் இருக்கை படிதலும் அடங்கா. இறுதியில், பொருளை எமது காட்சியறைக்கு வாடிக்கையாளர் தம் செலவில் கொணர்தல் வேண்டும். அக்காட்சியறை கொழும்பில், கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். லொறிக் கூலியைக் கணக்கிட்டால் ஸ்பொஞ்சின் விலையைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வரியும் உண்மையே. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வரிகளை வாங்குமுன் வாசித்திருந்தால், இச்செற்றியில் எப்பகுதி முதலில் கெடும் என்பதைத் தராசு இல்லாமலே அறிந்திருப்பேன். வியாபாரி எதனை விலக்கி எழுதுகின்றாரோ, அதனைத்தான் அவர் நம்பவில்லை.

சொற்களையும் கூர்ந்து பார்க்க வேண்டும். தேக்குச் செற்றி என்பது வேறு, தேக்கு வர்ணச் செற்றி என்பது வேறு. முன்னது மரம், பின்னது பூச்சு. உயர்தர ஸ்பொஞ்சு என்பது ஒன்றையும் கூறாத சொல். இருக்கை ஸ்பொஞ்சின் அடர்த்தி 32 என்பது நாளைக்கு நிறுத்துக் காட்டக்கூடிய சொல். வாயால் சொன்னதை விற்பனைச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாங்குபவருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகின்றன. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப்பற்றி அவ்வதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். காலந் தாழ்த்தல் ஆகாது. ஆனால் முறையிடுபவர் கையில் காட்டுவதற்கு ஓர் எழுத்து வேண்டுமே. என் சீட்டில் செற்றி ஒரு தொகுதி என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. தவணைக்கு வாங்குபவர் இன்னுமொன்றைப் பார்க்க வேண்டும். தவணை 24 மாதம், ஸ்பொஞ்சுக்கு உத்தரவாதம் 6 மாதம் எனின், தாழ்ந்துபோன இருக்கைக்கு ஒன்றரை ஆண்டு காசு கட்ட நேரும்.

நான் என்ன செய்தேன் என்பதையும் கூறிவிடுகின்றேன். எங்கள் பட்டினத்தில் மெத்தை தைக்கும் ஒருவரை அழைத்து வந்தேன். சட்டகம் பழுதில்லை என்றார். நாடாக்களை நெருக்கிக் கட்டி, இருக்கைக்கு மட்டும் 32 அடர்த்தி ஸ்பொஞ்சு இட ஒப்புக்கொண்டார். புதிய ஸ்பொஞ்சுகளை என் முன்னிலையிலேயே நிறுத்தார். ஒவ்வொன்றும் 1 கிலோ 50 கிராமுக்குக் குறையவில்லை. சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். அடர்த்தி, நிறை, திகதி மூன்றையும், ஓராண்டினுள் 2 சென்ரிமீற்றருக்குமேல் படிந்தால் வீட்டுக்கு வந்து மாற்றித் தருவேன் என்பதையும் எழுதும்படி சொன்னேன். சற்று யோசித்து, ஒன்றரை அங்குலம் என்று மாற்றச் சொன்னார். அவர் தொழில் அறிந்தவர். எதற்குப் பொறுப்பேற்கலாம் என்பது அவருக்குத் தெரியும். நான் உடன்பட்டேன். தம் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டு, அதன் பிரதி ஒன்றை மடித்து உறையின் உட்புறத்தில் வைத்துத் தைத்துத் தந்தார்.