‘வருமானம் இல்லை’ என்று எழுதாதீர்கள்

விபத்து இழப்பீட்டு மனுவில் ‘தொழில், மாத வருமானம்’ என்று ஒரு வரி வரும். இறந்தவர் ஆணாக இருந்தால் குடும்பமே கூடி யோசித்து அதை நிரப்புகிறது. பெண்ணாக இருந்தால், ‘வீட்டில்தான் இருந்தாள், வருமானம் இல்லை’ என்று கணவரே சொல்லிவிடுகிறார். வக்கீல் குமாஸ்தாவும் அப்படியே தட்டச்சு செய்கிறார். பல லட்சம் ரூபாய் கைவிட்டுப் போவது அந்த ஒரு வரியில்தான்.

வேறு சிலர் எதிர்ப்பக்கம் போகிறார்கள். ‘தையல் தைத்து மாதம் 20,000 சம்பாதித்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். தையல் இயந்திரம் வாங்கிய ரசீது இருக்காது, துணி கொடுத்த ஒரு ஆள் சாட்சிக்கு வரமாட்டார். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் நாலு கேள்வி கேட்டதும் கதை கலைந்துவிடும். அதன்பிறகு குடும்பம் சொல்லும் உண்மையையும் நம்புவதற்கு ஆள் இருக்காது. இல்லாத தொழிலை எதற்காகத் தேட வேண்டும்? வீட்டு வேலையே தொழில்தான். அதற்கு மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகிறது.

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் உழைக்கிறார். ஆண் 97 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வீட்டில் போய்விடுவதால், முழுநேர வேலைக்கோ தூரத்து வேலைக்கோ அவரால் போக முடிவதில்லை. போகிற இடத்திலும் ‘புருஷன் சம்பாத்தியம் இருக்கிறதே, இது மேல்வரும்படிதானே’ என்று கூலியைக் குறைக்கிறார்கள். ஓட்டலில் சமைப்பவருக்குச் சம்பளம் உண்டு, வீட்டில் சமைப்பவருக்கு அது கடமை. பெண்ணியவாதிகள் காட்டும் முடிச்சு இதுதான்: வெளியே கூலி குறைவதற்கான காரணம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. 1972-ல் செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலியோர் ‘வீட்டு வேலைக்குக் கூலி கொடு’ என்று இயக்கம் தொடங்கியதும் இதை வைத்துத்தான்.

நம் அரசாங்கக் கணக்கோ இதற்கு நேர் எதிராக இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், சிறைக்கைதிகள் ஆகியோருடன் சேர்த்து ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் வைத்தது. 2010-ல் அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், சிறுமி தீபிகா வழக்கின் தீர்ப்பில் இல்லத்தரசியின் உழைப்பை எப்படி மதிப்பிடுவது என்று விரிவாக எழுதியிருந்தார். 2021-ல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லத்தரசியின் மதிப்பிட்ட வருமானத்துக்கும் எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றது. 2024-ல் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில், இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலிக்காரரின் கூலியைவிடக் குறைவாக எப்படிப் போடலாம் என்று கேட்டு, இழப்பீட்டை 6 லட்சமாக உயர்த்தியது.

இத்தனைக்குப் பிறகும் கீழே சில தீர்ப்பாயங்களில் பழைய சிறிய தொகைகளே எழுதப்படுகின்றன. மனுவில் கேட்காததை யாரும் தேடி வந்து கொடுக்கப்போவதில்லை.

கணக்கு இப்படி ஓடும். 39 வயதுப் பெண், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 5,000 ரூபாய், எதிர்கால உயர்வு கேட்கவில்லை. ஆண்டுக்கு 60,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 40,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 15. ஆக 6 லட்சம். அதே பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலியை ஒட்டி 12,000 கேட்டு, 40 சதவீத உயர்வும் சேர்த்தால் மாதம் 16,800. அதே கழிவு, அதே பெருக்கு எண். தொகை 20 லட்சத்து 16 ஆயிரம். (12,000 என்பது கணக்குக்காக வைத்தது. மனுவில் எழுத வேண்டியது, விபத்து நடந்த ஆண்டில் அமலில் இருந்த மாநில அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கை. அதன் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள்.) ஈமச் செலவும், துணையையும் தாயையும் இழந்ததற்கான தொகையும் இதற்கு மேல் தனியாக உண்டு.

இப்போது வயதைக் கவனியுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ‘சுமார் 41’ என்று குத்துமதிப்பாக எழுதியிருப்பார்கள். 41 ஆனால் பெருக்கு எண் 14 ஆகிறது, எதிர்கால உயர்வும் 25 சதவீதமாக இறங்குகிறது. மேலே சொன்ன அதே கணக்கு 16 லட்சத்து 80 ஆயிரத்தில் நின்றுவிடும். குத்துமதிப்பான ஒரு சொல்லால் 3,36,000 ரூபாய் போகிறது! ஆதார் அட்டை போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆதார் பிறந்த தேதிக்கான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லி, பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியை ஏற்றது. இறந்தவர் படித்த பள்ளியில் டி.சி.யைத் தேடிப் பிடியுங்கள்.

வேலைக்கும் போன பெண் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. களை எடுத்தவருக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே கிடைத்திருக்கும். அதை மட்டும் எழுதினால், கூலியில் இருந்த அநியாயம் 15-ஆல் பெருக்கப்பட்டு இழப்பீட்டிலும் வந்து உட்காரும். ஆகவே கூலி வேலை, வீட்டு வேலை இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள்.

மனுவை எம்.சி.ஓ.பி. என்பார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடும்பம் வசிக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகனத்தின் இன்சூரன்ஸ் நகல், ஓட்டுநர் உரிமத்தின் நகல், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளின் வயதுச் சான்றையும், வீட்டில் முதியவர் இருந்தால் அவருடைய மருத்துவச் சீட்டுகளையும் சேருங்கள். இறந்தவர் யாரைப் பார்த்துக்கொண்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர் இறந்த பின் சமைக்கவோ குழந்தையைப் பார்க்கவோ ஆள் வைத்திருந்தால் அந்தச் சம்பள விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதி. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். கருமாதி முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள்தான் கடைசியில் அலைகின்றன. ஆறு மாதம்!

வக்கீல் வைக்கப் பணமில்லை என்பவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. இறந்தவரின் தாயோ மகளோ மனுதாரராக இருந்தால் அவர் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

லோக் அதாலத்தில் ‘உடனே பணம்’ என்று சமரசம் பேசுவார்கள். நல்ல தொகை என்றால் தவறில்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டபின் மேல்முறையீடு கிடையாது. ஆகவே மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தீர்ப்பாயம் தீர்ப்பு சொல்லித் தொகை குறைவாக வந்தால், 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.