'இந்த நிரல் நாறுது': திட்டினாலும் ஏன் கோபம் வருவதில்லை?

மென்பொருள் அலுவலகங்களில் ஒருவர் எழுதிய நிரலைப் பார்த்து இன்னொருவர் "நாறுது" என்பார். எழுதியவர் முகம் சுளிக்காமல் "எந்த இடத்துல?" என்று கேட்பார். வெளியாருக்கு வசவாகக் கேட்கும் இந்தச் சொல், அவர்களுக்குத் தொழில் பேச்சு.

'கோட் ஸ்மெல்' என்ற இந்தச் சொல்லை உருவாக்கியவர் அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக். 1999-இல் வெளிவந்த மார்ட்டின் ஃபௌலரின் 'ரீஃபாக்டரிங்' நூலில், இருவரும் சேர்ந்து எழுதிய அத்தியாயம் அதைப் பரப்பியது. நிரல் ஓடும், விடையும் சரியாக வரும்; ஆனால் அமைப்பில் கோளாறு இருக்கும். அதற்கான அறிகுறியே நாற்றம். ஒவ்வொரு நாற்றத்துக்கும் அந்த அத்தியாயம் ஒரு பெயர் வைத்தது. அவற்றில் ஒன்று 'ஷாட்கன் சர்ஜரி': ஒரு சின்ன மாற்றத்துக்காகப் பல கோப்புகளைக் கீற வேண்டிய நிலை.

ஏசி விற்கும் கடை ஒன்றின் பில் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி விகிதம் ஒரே இடத்தில் இருந்தால், அங்கே மாற்றினால் போதும். பில் போடும் கோப்பு, பொருளைத் திரும்பப் பெறும் கோப்பு, மாதக் கணக்குக் கோப்பு என எல்லாவற்றிலும் 28 என்று தனித்தனியாக எழுதியிருந்தால், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். திரும்பப் பெறும் கோப்பு விட்டுப்போனால், 30,000 ரூபாய் ஏசியை 18 சதவீத வரியோடு வாங்கித் திருப்பித் தருபவருக்குக் கடை 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும். பில்லில் சரியான தொகையே வருவதால் யாருக்கும் உடனே சந்தேகம் வராது.

"ஷாட்கன் சர்ஜரி" என்றால் என்ன கோளாறு, எதை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்பது குழுவுக்குப் புரிந்துவிடும். "இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாம்" என்ற மரியாதையான பேச்சில் அந்தத் தகவல் இல்லை. குழுக்கள் கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொள்வது இதனால்தான். எங்கே என்று காட்டாமல் சும்மா "குப்பை" என்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

சொல் ஆளின் மேல் பாய்ந்தால் கதையே வேறு. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சக நிரலாளர்களை மின்னஞ்சல்களில் வறுத்தெடுப்பதற்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். அதே மாதம் கெர்னல் குழு புதிய நடத்தை விதிகளை ஏற்றது.

அவர் உருவாக்கிய கிட் மென்பொருளிலும் `git blame` என்றொரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று அது காட்டும். தொட்டவர்தான் பிழை செய்தவர் என்று சொல்ல முடியாது. வரியை உள்தள்ளி அழகுபடுத்தியவர் பெயரும் அங்கே வந்து நிற்கும். ஆகவே, சண்டைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை `git blame -w` என்று அடித்துப் பாருங்கள். இடைவெளி மாற்றங்களை அது கணக்கில் எடுக்காது.