யார் கடித்தது என்று டீச்சர் ஏன் சொல்வதில்லை?

மாலையில் பிள்ளையைக் கூட்டிவரப் போனால், டேகேர் வாசலில் டீச்சர் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்கிறார். பிள்ளையின் முழங்கைக்குக் கீழே சிவப்பாகப் பல் தடம். "யார் கடிச்சது?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. ஆக்லாந்தில் எங்கே கேட்டாலும் அதற்குப் பதில் வராது. அந்தப் பெயர் இன்னொரு குடும்பத்தின் சொந்த விவரம். அதைக் காக்க நியூசிலாந்தின் தனியுரிமைச் சட்டம் (2020) இருக்கிறது. நாளை உங்கள் பிள்ளை கடித்தாலும் இதே காப்பு உண்டு.

ஆனால் உங்கள் பிள்ளைக்கு நடந்தது முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, தோல் கிழிந்ததா, என்ன முதலுதவி செய்தார்கள் என்று கேளுங்கள். காயங்களைப் பதிவு செய்து பெற்றோருக்குத் தெரிவிப்பது உரிமம் பெற்ற எல்லா டேகேருக்கும் கட்டாயம்.

பெரும்பாலும் தோல் கிழிவதில்லை. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றினால் போதும். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். முகத்திலோ விரலிலோ என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். அடுத்த ஓரிரு நாளில் சிவப்பு பரவினாலும், வீங்கிச் சூடாக இருந்தாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும் கிருமி தொற்றியிருக்கலாம். டாக்டரிடம் போகும்போது தடுப்பூசிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் ஹெல்த்லைன் 0800 611 116 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இனி கடித்த பிள்ளை. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கடிப்பது சாதாரணம். கோபத்துக்கு இருக்கும் வேகம் பேச்சுக்கு இன்னும் வராத வயது அது. பல் முளைக்கும் வலி, பசி, தூக்கம், நெரிசல் எதுவும் காரணமாகலாம். வளர்ப்பு சரியில்லை என்பதற்கு இது அடையாளமே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஊகத்தை விடக் குறிப்பேடு உதவும். ஓர் உதாரணம்: இரண்டரை வயதுப் பிள்ளை, வீட்டில் தமிழ் மட்டும். இரண்டு வாரத்தில் நான்கு முறை கடித்திருக்கிறது. குறிப்பைப் புரட்டினால் நான்கில் மூன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் கைகழுவ நிற்கும் வரிசையில். பின்னால் நிற்கும் பிள்ளை மேலே சாயும்போது. இப்போது செய்ய வேண்டியது தெளிவாகிறது. அந்தப் பிள்ளையை முதல் ஆளாகக் கைகழுவ விடலாம். பதினொரு மணிக்கே ஒரு வாழைப்பழம் கொடுக்கலாம். அந்தப் பத்து நிமிடம் ஒரு டீச்சர் கையெட்டும் தூரத்தில் நிற்கலாம். கூடவே ஒரு சொல்லும் வேண்டும். தமிழ்ப்பிள்ளை "வேணாம்", "தள்ளு" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும், யாருக்கும் புரிந்திருக்காது. அந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி டீச்சரிடம் கொடுங்கள். கையை முன்னே நீட்டி "ஸ்டாப்" சொல்ல வீட்டிலும் விளையாட்டாகப் பழக்குங்கள். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டாம்; இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாவதில்லை.

கடித்த கணத்தில் டீச்சர் முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போவதுதான் சரி. கடித்த பிள்ளைக்கு "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்ற ஒரே வாக்கியம் போதும். திருப்பிக் கடித்துக் காட்டுவது, வாயில் அடிப்பது, மிளகாய் தடவுவது என்று ஊரில் சொல்லும் வைத்தியங்கள் எதுவும் வேண்டாம். பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதைத்தான் பிள்ளை அதில் கற்கும். சட்டமும் இடம் தராது: பிள்ளையைத் திருத்துவதற்காக அடிப்பதற்குப் பெற்றோருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 2007-இல் நீக்கப்பட்டது. டேகேரிலும் அடிக்கவோ தனி அறையில் அடைக்கவோ கூடாது.

தொடர்ந்து நடந்தும் டேகேர் எதுவும் மாற்றவில்லை என்றால், முதலில் தலைமை ஆசிரியரிடம் நேரம் கேட்டுப் பேசுங்கள். "என்ன திட்டம், எப்போது மறுபடி பார்ப்போம்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புகார் செய்யும் முறையைப் பெற்றோர் பார்வையில் படும்படி அங்கே வைத்திருப்பார்கள். பேசியும் பயன் இல்லாவிட்டால் அதன்படி மேலே போகலாம். வாசலில் நின்று மற்ற பெற்றோரிடமும், வாட்ஸ்அப் குழுவிலும் பெயரை ஊகிக்க மட்டும் வேண்டாம். பெயர் அடிபட்ட இரண்டு வயதுப் பிள்ளையை அதற்குப் பிறகு யாரும் பிறந்தநாளுக்கு அழைப்பதில்லை.

மூன்று வயது தாண்டியும் அடிக்கடி கடித்தாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, தமிழிலும் சொற்கள் குறைவாக இருந்தாலோ முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். நடுக்காதில் நீர் தேங்குவது இந்த வயதில் அடிக்கடி வருவது. வலியே இல்லாமல் கேட்கும் திறனைக் குறைத்துவிடும். குடும்ப டாக்டர் காதைப் பார்த்து, தேவைப்பட்டால் செவித்திறன் சோதனைக்கு அனுப்புவார்.