கண்ணீர் வேண்டாம், பில் புத்தகம் போதும்: ஒரு பால்கோவா கடையின் கதையை எப்படிச் சொல்வது?

மதுரையிலிருந்து தென்காசி போற பஸ்ல உட்கார்ந்திருந்தா, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துடுச்சுன்னு யாரும் சொல்லவே வேண்டாம். ரோட்டோரமா வரிசையா பால்கோவா போர்டு வர ஆரம்பிச்சிடும். அந்தக் கடைகள்ல ஒண்ணு உங்க நண்பரோட குடும்பக் கடைன்னு வெச்சுக்கோங்க. "எங்க கடைக்கு ஒரு கதை எழுதிக் கொடுடா, இன்ஸ்டாவில போடணும், டப்பாவுல அச்சடிக்கணும்" என்று கேட்கிறார். என்ன எழுதுவீங்க?

பிராண்ட் கதைக்கு மூணு படி உண்டு: போராட்டம், திருப்பம், மாற்றம். இது எல்லாருக்கும் தெரியும். சிக்கல் என்னன்னா, இந்த மூணையும் நிரப்ப நாம சினிமாவுக்குப் போயிடுறோம். தாத்தா கையில் காசில்லாமல் ஊருக்கு வந்தார், பாட்டி தாலியை அடகு வைத்தார், ஒருநாள் எல்லாம் மாறியது. இதுல எது நடந்தது, எது நாம சேர்த்ததுன்னு கடைக்காரருக்கே கொஞ்ச நாள்ல மறந்துடும். ஒவ்வொரு படியையும் எதை வெச்சு நிரப்பணும்னு இன்னிக்குப் பார்க்கலாம்.

போராட்டம் அடுப்பில் இருக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் சேருவது ரெண்டே பொருள்: பசும்பால், சர்க்கரை. கிளறிக்கொண்டே பாலைச் சுண்டவைக்கிறாங்க. இப்போ ஒரு சின்னக் கணக்கு. பசும்பாலில் தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். அப்படின்னா 10 லிட்டர் பாலில் கிடைக்கும் திடப்பொருள் சுமார் 1.25 கிலோ. அதோட 1.25 கிலோ சர்க்கரை போட்டா மொத்தம் 2.5 கிலோ. கோவாவில் கொஞ்சம் ஈரம் தங்கும். அதையும் சேர்த்தா 3 கிலோ சொச்சம் வரும். அதாவது ஒரு கிலோ கோவாவுக்கு மூணேகால் லிட்டர் பால்.

இந்த ஒரு எண்ணுக்குள்ளதான் கடையோட போராட்டம் இருக்கு. பால் விலை லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால், கோவாவின் அடக்க விலை கிலோவுக்கு மூணு ரூபாய்க்கு மேல ஏறுது. கடைக்காரர் முன்னாடி இருக்கும் வழிகள் குறைவு. விலையை ஏத்தலாம், பக்கத்துக் கடைக்கு ஆள் போயிடும். ஈரத்தைக் கொஞ்சம் அதிகமா விட்டு சீக்கிரம் இறக்கலாம், எடை நிற்கும், ஆனா சீக்கிரம் கெட்டுப்போகும். சர்க்கரையைக் கூட்டலாம். சுண்டிய பாலை விட சர்க்கரை மலிவு. 10 லிட்டருக்கு 1.25 கிலோவுக்குப் பதிலா 2 கிலோ போட்டா, முக்கால் கிலோ கோவா சும்மா கிடைச்ச மாதிரி. தின்பவர் நாக்குக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

இப்போ பாருங்க, "எங்க தாத்தா ரொம்பக் கஷ்டப்பட்டார்" என்பதை விட, "பால் விலை ஏறிய வருஷம் சர்க்கரையைக் கூட்டலாமா வேண்டாமா என்று எங்க வீட்டில் சண்டை நடந்தது" என்பது எவ்வளவு பலமா நிக்குது! கேட்பவருக்கு உடனே புரியுது, அவர் என்ன இழக்கத் தயாரா இருந்தார்னு. தாலி வேண்டாம், அடகு வேண்டாம்.

இதைச் சரிபார்க்கவும் முடியும். கடைக்காரர் "நாங்க அளவை மாத்தினதே இல்ல" என்று சொன்னால், ஒரு மாசத்துப் பால் பில்லையும் சர்க்கரை பில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு 100 லிட்டர் ஓடும் கடைக்கு மாசம் 3,000 லிட்டர் பால். இந்த அளவுப்படி சர்க்கரை 375 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை ஏழரை. பில்லில் பன்னிரண்டு மூட்டை இருந்தா, ஒண்ணு அந்தக் கடையில வேற இனிப்பும் போடுறாங்க, இல்லன்னா அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது. கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குடும்பக் கடைக் கதைகளில் அதிகமா கெட்டுப்போவது வருஷம்தான். "1950லயே ஆரம்பிச்சோம்" என்பார் அண்ணன். "இல்ல, அப்பாவுக்குக் கல்யாணம் ஆன பிறகுதான்" என்பார் அத்தை. பெரியவங்க நினைவு பொய் சொல்லாது, ஆனா வருஷத்தை மட்டும் நகர்த்தி வைக்கும். அதனால பரண்ல கிடக்கும் பழைய பில் புத்தகம், கடை காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாத்தையும் இறக்கச் சொல்லுங்க.

தேதி இல்லாத பில்லிலும் தேதி ஒளிஞ்சிருக்கும். முகவரியைப் படிங்க. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் 1985 வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த வருஷம் பிரிச்சப்போ புது மாவட்டத்துக்கு காமராஜர் மாவட்டம்னு பேர். 1997இல் அது விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆக, தலைப்பில் "காமராஜர் மாவட்டம்" என்று அச்சாகியிருந்தால் அந்த பில் 1985க்கு முன்னாடி அச்சடிச்சதா இருக்க முடியாது. "626125" என்று பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னாடியும் இருக்க முடியாது, ஏன்னா பின்கோடு வந்ததே அப்போதான்.

இதுக்கு ஒரு வரம்பும் இருக்கு. மிச்சம் கிடந்த பழைய புத்தகத்தைக் கடைக்காரங்க வருஷக்கணக்கில் ஓட்டுவாங்க. அதனால இது "இதுக்கு முன்னாடி இல்லை" என்பதைச் சொல்லும். "இதுக்கு அப்புறம் இல்லை" என்பதைச் சொல்லாது. 1985க்கு முந்தைய ஒரு காகிதம்கூடக் கிடைக்கலன்னா, டப்பாவில் "1950 முதல்" என்று அச்சடிக்காதீங்க. "எண்பதுகளில் எங்க அப்பா நடத்திய கடை" என்பதே போதும்.

திருப்பம் உங்களுடையதா, ஊருடையதா?

2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. கதை எழுதுறவங்களுக்கு இது லட்டு மாதிரி. "எங்கள் உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரம்" என்று எழுதிட்டா திருப்பம் முடிஞ்சது. ஆனா இங்கதான் ரொம்பப் பேர் வழுக்குறாங்க.

புவிசார் குறியீடு ஒரு கடைக்குக் கொடுக்கும் பரிசு கிடையாது. குறிப்பிட்ட வட்டாரத்தில், குறிப்பிட்ட முறையில் செய்யும் பொருளின் பெயருக்கான பாதுகாப்பு அது. சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகத்தில், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தப் பெயர் பதிவாகுது. உற்பத்தியாளர்கள் சார்பா விண்ணப்பிக்கும் அமைப்பு உரிமையாளரா பதிவாகும். அதுக்கப்புறம், அங்கே தயாரிக்கும் ஒவ்வொருவரும் தனியா விண்ணப்பிச்சு "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" என்று பதிவு செஞ்சுக்கணும். பதிவு பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கணும்.

அதனால உங்க நண்பரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்க கடை பயனாளரா பதிவாகியிருக்கா?" இல்லைன்னா, புவிசார் குறியீடு அவர் கதையில் பின்னணியா வரலாம், அவரோட சாதனையா வரக் கூடாது. இன்னொண்ணு, அந்தக் குறியீடு சுவைக்கான மார்க்கும் இல்லை. "அரசு சான்றளித்த சுவை" என்று எழுதினால் அது தப்பு.

கடையோட சொந்தத் திருப்பம் எதுன்னா, அவங்க எடுத்த ஒரு முடிவு. அதுக்கு நான் வைக்கும் சோதனை: வேற ஒரு வழி இருந்ததா, அதை ஏன் விட்டாங்க? ரெண்டுக்கும் பதில் இருந்தா அது திருப்பம். இல்லைன்னா அது வெறும் சம்பவம்.

மாற்றத்தில் மாறாததையும் சொல்லுங்க

கடைசிப் படியில் "இன்று உலகம் முழுவதும்" என்று தாவத் தோணும். துபாய்ல இருக்கும் ஒரு அக்கா ரெண்டு டப்பா வாங்கிட்டுப் போனா அது ஏற்றுமதி ஆகாது. முன்னாடி எப்படி, இப்போ எப்படின்னு ஒரே அளவுகோலில் சொல்லுங்க: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை கிலோ திரும்பி வந்தது.

ஒரு வார்த்தையில் கவனமா இருங்க: "பாரம்பரிய முறை". உணவு விளம்பரங்களுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, தலைமுறைகளாகப் பெரிய மாற்றமில்லாமல் வந்த செய்முறைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். விறகடுப்பை விட்டு கேஸுக்கும் கிளறும் மெஷினுக்கும் போயிட்டீங்கன்னா, அதையே மாற்றமா சொல்லுங்க. புகையில் நின்னு கிளறியவருக்குத் தோள் வலி குறைஞ்சது என்பதும் கதைதான்.

ராஜபாளையத்திலிருந்து ஒரு எச்சரிக்கை

பக்கத்து ஊர் ராஜபாளையத்தின் வெள்ளை நாயைப் பத்திப் பேசினா, பாளையக்காரர் படையில் வெள்ளைக்காரனோட சண்டை போட்டதுன்னு உடனே ஒரு கதை வரும். கேட்க நல்லா இருக்கும், ஆனா அது செவிவழிச் செய்தி. நாய் வளர்ப்பவர் ஒருவர் இதைச் சொல்லணும்னா "எங்க ஊர்ல இப்படிச் சொல்லுவாங்க" என்று அடையாளம் போட்டுச் சொல்லலாம். 2005இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. அதை எந்த அடைமொழியும் இல்லாம சொல்லலாம். ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தா, தபால்தலையோட நம்பகம் சண்டைக் கதைக்கும் ஒட்டிக்கும். அந்தக் கலப்படம்தான் ஆபத்து. "ஆண்டாள் காலத்துப் பால்கோவா" என்பதும் இதே ரகம்.

சேர்த்து எழுதினால்

கற்பனையா ஒரு கடையை வெச்சு எழுதிப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும்.

"எங்கள் கோவாவில் ஒரு கிலோவுக்கு மூணேகால் லிட்டர் பால். பால் விலை ஏறியபோது சர்க்கரையைக் கூட்டினால் சமாளித்திருக்கலாம். அப்பா அதைச் செய்யாமல் அரைக் கிலோ டப்பாவை நிறுத்திவிட்டு, 200 கிராம் பொட்டலம் கொண்டுவந்தார். முதல் ஆறு மாதம் விற்பனை குறைந்தது. இப்போது தினம் 100 லிட்டர் ஓடுகிறது; அன்று 60. அடுப்பு மட்டும் மாறிவிட்டது. இப்போது கேஸ்."

அம்பது வார்த்தைகூட இல்லை. யாரும் அழவில்லை. ஆனா ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு பில்லோ, நேரா கேட்கக்கூடிய ஒரு ஆளோ இருக்காங்க. உங்க நண்பரோட கடைக்கு எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல "இது எங்கிருந்து வந்தது?" என்று பென்சில்ல எழுதிப் பாருங்க. பதில் கிடைக்காத வரியை அடிச்சிடுங்க. மிஞ்சுறதை டப்பாவில் அச்சடிக்கலாம்.