அறங்காவலரை எப்போது நீக்கலாம்? முதலீடு, நடுநிலை குறித்துச் சட்டம் கூறுவது என்ன?

புதுதில்லி: குடும்பச் சொத்தை நிர்வகிக்க அமைக்கப்படும் தனியார் அறக்கட்டளைகளில் அதிகம் எழும் சச்சரவு, பணத்தை எங்கே முதலீடு செய்வது என்பதுதான். ஒரு பயனாளிக்கு லாபமாகும் முதலீடு மற்றொருவருக்கு நஷ்டமாகலாம். இந்நிலையில் அறங்காவலரின் கடமை என்ன, அவரை எப்போது மாற்றலாம் என்பதை 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் வரையறுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவர் தமது 60 லட்சம் ரூபாயை அறக்கட்டளையாக்கி, தம்பியை அறங்காவலராக நியமித்துவிட்டுக் காலமாகிறார் எனக் கொள்வோம். வட்டி வருமானம் ஆயுள் முழுவதும் இரண்டாம் மனைவிக்கு. அவருக்குப் பின் அசல் தொகை முதல் மனைவியின் மகளுக்கு. இதுவே ஆவணத்தின் ஏற்பாடு.

அதிக வட்டி தரும், ஆனால் பாதுகாப்புக் குறைந்த கடன் பத்திரங்களில் முழுப் பணத்தையும் போட்டால் மனைவிக்கு வருமானம் கூடும். மகளுக்குச் சேர வேண்டிய அசல் ஆபத்துக்குள்ளாகும். மாறாக, ஆண்டுதோறும் எதையும் வழங்காமல் மதிப்பு மட்டும் வளரும் திட்டத்தில் போட்டால் மகள் பயனடைவார். மனைவியின் கைக்கு எதுவும் வராது.

சட்டப் பிரிவு 17 இதைத்தான் தடுக்கிறது. ஒரு பயனாளிக்கு இழப்பு ஏற்படுத்தி மற்றொருவருக்கு நன்மை தேடித் தரக் கூடாது என்பது அதன் சாரம். அதே சமயம், அனுமதிக்கப்பட்ட பல வழிகளில் ஒன்றை அறங்காவலர் நல்லெண்ணத்துடனும் நியாயமாகவும் தேர்ந்தெடுத்திருந்தால், ஒருவரது பங்கு சற்றுக் குறைந்தாலும் நீதிமன்றம் தலையிடாது.

எங்கே முதலீடு செய்யலாம்?

உடனடியாகச் செலவிடத் தேவையில்லாத பணத்தை, ஆவணம் வெளிப்படையாக அனுமதிக்கும் பத்திரங்களிலோ, மத்திய அரசு அறிவிக்கையில் குறிப்பிடும் பத்திரங்களிலோ மட்டுமே முதலீடு செய்ய வேண்டும் என்கிறது 2016-இல் திருத்தப்பட்ட பிரிவு 20. ஆயுள் வருமானம் பெறுபவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவராக இருந்தால், அவரது எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை. நமது எடுத்துக்காட்டில் அது மனைவியின் சம்மதம். எனினும், அந்தக் கையெழுத்து மகளுக்கான கடமையிலிருந்து அறங்காவலரை விடுவித்துவிடாது.

பணத்தை முடக்கி வைப்பதும் தவறே. 60 லட்சம் ரூபாய் மூன்று ஆண்டுகள் வட்டியில்லா நடப்புக் கணக்கில் கிடந்தால், நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடாத வரை, பிரிவு 23-இன்படி 6 சதவீதத் தனிவட்டிக்கு அறங்காவலர் பொறுப்பாவார். அதாவது ஆண்டுக்கு 3.60 லட்சம் வீதம் 10.80 லட்சம் ரூபாய்.

லாபத்தைக் காட்டி நஷ்டத்தை ஈடுகட்டவும் முடியாது. அனுமதியின்றி நண்பருக்குக் கொடுத்த கடனில் 10 லட்சம் போய்விட்டது; அனுமதியின்றி வாங்கிய வேறு பங்குகளில் 8 லட்சம் லாபம் வந்தது என்றால், இரண்டு லட்சம் மட்டுமே தருவேன் என அறங்காவலர் கூற இயலாது. இரண்டும் தனித்தனி மீறல்கள் என்பதால், லாபம் அறக்கட்டளைக்கே சேரும். 10 லட்சத்தை அவர் முழுமையாகத் தர வேண்டும் என்கிறது பிரிவு 24.

நீக்குவதற்கான காரணங்கள்

அறங்காவலர் தொடர்ந்து ஆறு மாதங்கள் இந்தியாவில் இல்லாதிருத்தல், வெளிநாட்டில் குடியேறுதல், திவாலானவராக அறிவிக்கப்படுதல், செயல்பட மறுத்தல், தகுதியற்றவர் அல்லது செயல்பட இயலாதவர் என முதன்மை உரிமையியல் நீதிமன்றம் கருதுதல், இந்த அறக்கட்டளைக்கு முரணான வேறொரு அறக்கட்டளையை ஏற்றல் ஆகிய சூழல்களில் அவருக்குப் பதிலாகப் புதியவரை நியமிக்கப் பிரிவு 73 வழிசெய்கிறது. முதல் உரிமை ஆவணத்தில் அதற்கெனக் குறிப்பிடப்பட்டவருக்கு உண்டு. அவ்வழிகளில் நியமிப்பது நடைமுறையில் இயலாதபோது, பிரிவு 74-இன் கீழ் பயனாளியே நீதிமன்றத்தில் மனு அளிக்கலாம்.

மனக்கசப்பு மட்டும் காரணமாகாது. 1884-இல் லெட்டர்ஸ்டெட் எதிர் ப்ரோயர்ஸ் வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த அளவுகோலை இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன. பயனாளிகளின் நலனே அந்த அளவுகோல். சிறு தவறுக்காக நீக்கம் கிடையாது. சொத்துக்கு ஆபத்து, நேர்மையின்மை, திறமையின்மை ஆகியவை வலுவான காரணங்கள். முறைகேடு நிரூபணமாகாவிட்டாலும், அவர் நீடிப்பதே நிர்வாகத்தைத் தடுக்கும் என்றால் நீக்கலாம்.

மகள் முதலில் செய்ய வேண்டியது

பிரிவு 57 பயனாளிக்கு ஆவணத்தையும், கணக்குகளையும், ரசீதுகளையும் பார்வையிட்டு நகல் எடுக்கும் உரிமை தருகிறது. பிரிவு 19-இன்படி முதலீட்டு விவரங்களைக் கேட்டும் பெறலாம். எழுத்துப்பூர்வமாகக் கேட்டும் கணக்கு வரவில்லை என்றால், அந்த மௌனமே பின்னர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமான சான்றாகக்கூடும்.

பொது அறக்கட்டளைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றின் அறங்காவலரை நீக்க, அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதியுடன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 92-இன் கீழ் வழக்குத் தொடரலாம்.